ஐந்து கட்டுரைகள், அதே 163 பேர்

"அஞ்சையும் படிச்சு முடிச்சுட்டேன்க்கா. அஞ்சும் ஒரே முடிவைத்தான் சொல்லுது" என்று சொல்லிக்கொண்டே ஜூனியர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். சமுதாய மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு. தீசிஸ், காசநோயாளிகளுக்கு வீட்டிலேயே வைத்துத் தரும் சிகிச்சை பற்றியது. கைடு மேடம் ஐந்து கட்டுரைகளைக் கையில் கொடுத்து, இவை இதுவரை எதை நிறுவியிருக்கின்றன என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதிவரச் சொல்லியிருந்தார். அவள் எழுதியிருந்த முதல் வரி இது: "வீட்டுச் சிகிச்சையும் சானடோரியம் சிகிச்சையும் சமமானவை என்று ஐந்து ஆய்வுகள் நிறுவியுள்ளன."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியில் இருக்கும் 'ஐந்து ஆய்வுகள்', 'சமம்', 'வீட்டுச் சிகிச்சை' என்ற மூன்று சொற்களுமே தடுமாறுகின்றன. இப்படிப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் எங்கே சறுக்குகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். கட்டுரைகளும் நம் ஊரில் பிறந்தவை. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பின்னணி. சென்னையில் இன்று சானடோரியம் என்றால் பலருக்கும் தாம்பரத்துக்கு முந்தின ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் அங்கிருந்த காசநோய் மருத்துவமனையால் வந்தது. மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல காற்று ஆகியவைதான் சிகிச்சை. இவை மூன்றும் ஏழை வீட்டில் கிடைக்காது. அதனால் நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் மாதக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பி.ஏ.எஸ். மருந்தும் வந்தன, 1952இல் ஐசோனியசிட் வந்தது. அப்புறம்தான் அந்தக் கேள்வி எழுந்தது: மருந்தே கிருமியைக் கொல்கிறதென்றால் படுக்கை எதற்கு? இந்தியாவில் அது வெறும் அறிவுக் கேள்வி இல்லை. இருந்த படுக்கைகளின் எண்ணிக்கை நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கிட்டக்கூட வராது.

பணக்கார நாடுகளில் வீட்டுச் சிகிச்சை பலித்தது என்பதை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. அங்கே நோயாளிக்குத் தனி அறை இருக்கும், வயிறாரச் சாப்பாடு இருக்கும். மெட்ராஸில் ஓர் அறைக்குள் ஆறு பேர் படுக்கும் குடும்பத்தில் என்ன ஆகும்? அதைச் சோதிக்கவே 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. ஆய்வை முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதே மையம்தான்.

கைடு கொடுத்த ஐந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தவை. 1959இல் வந்த முதல் கட்டுரை வீட்டையும் சானடோரியத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 1960இல் ஆண்ட்ரூஸ் குழுவின் கட்டுரை, நோயாளிகளின் வீட்டார் பற்றியது. 1961இல் ராமகிருஷ்ணன் குழுவினுடையது, உணவு பற்றியது. 1966இல் இரண்டு வந்தன. டாசன் குழு நோயாளிகளின் ஐந்தாண்டு நிலையை எழுதியது, காமத் குழு வீட்டாரின் ஐந்தாண்டு நிலையை எழுதியது.

முதல் ஆசிரியர் பெயர் ஒவ்வொன்றிலும் வேறு. ஆண்டு வேறு, தலைப்பு வேறு, அட்டவணைகள் வேறு. அதனால் ஐந்து தனித்தனி ஆய்வுகள் என்று ஜூனியர் எண்ணிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. "முறை என்கிற பகுதியை மட்டும் அஞ்சிலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு" என்றேன். எங்கே சேர்த்தார்கள், எப்போது சேர்த்தார்கள், எத்தனை பேர், என்ன மருந்து என்று நான்கு கட்டம் போட்ட தாளில் அவள் எழுத ஆரம்பித்தாள். மூன்றாவது கட்டுரைக்கு வந்தபோதே பேனா நின்றுவிட்டது. ஐந்திலும் அதே மையம், அதே சேர்க்கைக் காலம், அதே ஐசோனியசிட்டும் பாஸும். முதல் கட்டுரையில் சிகிச்சை பெற்ற 163 பேரும் அவர்களைச் சார்ந்த குடும்பங்களும்தான் மற்ற நான்கிலும் வருகிறார்கள்.

ஆக, ஐந்து சாட்சிகள் வந்து ஒரே கதையைச் சொல்லவில்லை. ஒரே சாட்சியிடம் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் குறிப்பில் தெரியாமல் போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. அந்த 163 பேரைச் சேர்த்ததில் ஏதாவது ஒரு சாய்வு இருந்தால், அது ஐந்து கட்டுரைகளிலும் ஒரே திசையில் சாயும். ஐந்து முறை சொல்லப்பட்டதால் அந்தச் சாய்வு குறையாது. இதற்காகக் கட்டுரைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு குழுவை இத்தனை கவனமாகப் பல ஆண்டு பின்தொடர்ந்ததே அந்த ஆய்வின் பலம். எண்ணும்போது மட்டும் ஒன்று என்று எண்ண வேண்டும்.

அடுத்தது 'சமம்'. இதற்குத்தான் நாங்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டோம்.

163 பேரில் 82 பேருக்கு வீட்டிலும் 81 பேருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டுச் சிகிச்சை. யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவர் முடிவுசெய்யவில்லை, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எல்லோரும் நகரத்தின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஆண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கிவிட்டவர்கள் வீட்டுப் பக்கம் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இரண்டும் மிக நெருக்கம் என்றுதான் கட்டுரையே சொன்னது. ஜூனியர் அதைச் சமம் என்று மாற்றிவிட்டாள். நெருக்கம் என்பதும் சமம் என்பதும் ஒன்றா?

எண்ணிக்கையாக்கிப் பார்த்தால் விஷயம் கைக்கு வரும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 பேர். ஆறு சதவீத வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஐந்து பேர். வீட்டுப் பக்கம் இன்னும் ஐந்து பேருக்குக் கிருமி அடங்கியிருந்தால் வித்தியாசமே இல்லை. மாறாக இன்னும் ஐந்து பேருக்கு அடங்காமல் போயிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பு. குலுக்கல் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலே ஐந்து பேர் வித்தியாசம் வந்துவிடும். இதைத்தான் நம்பக இடைவெளி எண்ணாக்கிக் காட்டுகிறது. அந்தக் காலக் கட்டுரைகளில் அதைப் போடும் வழக்கம் பரவலாக இல்லை. அதனால் நாங்களே போட்டோம்:

```
p1 = 0.92, n1 = 81
p2 = 0.86, n2 = 82
SE = sqrt(0.92*0.08/81 + 0.86*0.14/82) = 0.049
0.06 ± 1.96*0.049  →  -0.04 .. 0.16
```

சானடோரியம் 16 சதவீதப் புள்ளி மேலாக இருந்திருக்கலாம், வீடு 4 புள்ளி மேலாக இருந்திருக்கலாம், இடையில் எதுவாகவும் இருக்கலாம். இந்த எல்லாவற்றோடும் இந்தத் தரவு ஒத்துப்போகும். நூறு பேரில் கூடுதலாக 16 பேருக்கு நோய் அடங்காமல் போவது சின்ன விஷயமா? இல்லை. எனவே முதல் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது இதுதான்: பெரிய வித்தியாசம் எதுவும் கண்ணில் படவில்லை. வித்தியாசம் இல்லை என்று அது காட்டவில்லை. இந்த இரண்டு வாக்கியமும் கேட்க ஒன்றுபோல இருக்கும். பி.ஜி. மாணவர்களின் குறிப்புகளில் நான் அதிகம் பார்த்த தப்பு, முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதை எழுதுவதுதான். நானும் செய்திருக்கிறேன். என் முதல் குறிப்பின் ஓரத்தில் என் கைடு சிவப்பு மையில் "எப்படித் தெரியும்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் அந்தக் குறிப்பைத் தொடவே பிடிக்கவில்லை.

"அப்படின்னா இத்தனை வருஷமா எல்லாரும் இதை நம்பினது தப்பாக்கா?" என்று கேட்டாள்.

தப்பில்லை. ஏனென்றால் கதை 1959இல் முடியவில்லை. டாசன் குழுவின் ஐந்தாண்டுக் கட்டுரைக்கு வேலை இருப்பது இங்கேதான். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. நோய் திரும்பியதிலும் இரு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. முதலாண்டு முடிவில் இருந்த ஆறு புள்ளி காலப்போக்கில் வளரவில்லை என்பதுதான் இதில் முக்கியம். சானடோரியம் உண்மையிலேயே உடம்பை அடியோடு தேற்றி அனுப்பியிருந்தால், வீட்டுப் பக்கம் பின்னால் நோய் திரும்பித் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆனால் ஐந்தாண்டு முடிவை அப்படியே முதலாண்டுச் சிகிச்சையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. நடுவில் நான்கு ஆண்டு இருக்கிறது. முதலாண்டில் கிருமி அடங்கியவர்களை இரண்டாம் ஆண்டில் மறுபடி குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு ஐசோனியசிட் தொடர்ந்தது, இன்னொரு சாராருக்கு ஒப்புக்கு மருந்தில்லாத ஒரு மாத்திரை. இது கைடு கொடுத்த ஐந்தில் இல்லை. 1960இல் வேலு குழு எழுதிய தனிக் கட்டுரையில் இருக்கிறது. முதலாண்டில் அடங்காதவர்களையும் சும்மா விட்டுவிடவில்லை, அவர்களுக்கு மேற்கொண்டு சிகிச்சை நடந்தது. ஆகவே ஐந்தாம் ஆண்டில் நாம் பார்ப்பது, வீட்டில் தொடங்கிய ஒருவரை விடாமல் கவனித்தால் எங்கே போய்ச் சேருவார் என்பதை. நடைமுறைக்கு அதுதான் பயன்படும் கேள்வி. என்றாலும் குறிப்பில் அதை அந்தப் பெயரில்தான் எழுத வேண்டும்.

வீட்டார் பற்றிய இரண்டு கட்டுரைகளுக்கு வருவோம். வீட்டுச் சிகிச்சைக்கு அன்று எழுந்த பலமான எதிர்ப்பு இதுதான்: சளியில் கிருமியோடு இருக்கும் ஆளைக் குழந்தைகளுக்கு நடுவே படுக்கவைப்பது குற்றம் இல்லையா? ஆண்ட்ரூஸ் குழு பார்த்ததில், நோயாளி வீட்டில் இருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஐந்தாண்டு பார்த்த காமத் குழுவுக்கும் அதேதான். ஆளைப் பிரித்து ஓராண்டு சானடோரியத்தில் வைத்திருந்ததால் வீட்டாருக்கு லாபம் எதுவும் தெரியவில்லை. காரணத்தையும் கட்டுரைகள் சொல்கின்றன. வீட்டாருக்கான பெரிய ஆபத்து, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, மருந்து தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் இருமிக்கொண்டே அதே அறையில் இருந்திருப்பார். அதன் பிறகு ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு போவதில் என்ன பயன்? மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் தன்மை சீக்கிரமே சரிகிறது.

இந்தக் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் அது ஒரு எண்ணை மட்டும் தராமல், எண் ஏன் அப்படி வந்தது என்று சொல்கிறது. வீட்டாரில் நோய் கண்டவர்களில் பலருக்கு அது தொடக்கத்திலேயோ கொஞ்ச நாளிலேயோ தெரிந்துவிட்டது என்பதோடும் இது பொருந்துகிறது. காசநோய்க் கிருமி உள்ளே போய் நோயாக வெளியே தெரிய வாரங்களும் மாதங்களும் ஆகும். சிகிச்சை தொடங்கிய வேகத்தில் வெளிப்பட்ட நோய்க்கு விதை முன்பே விழுந்திருக்கும்.

என்றாலும் இங்கேயும் இரண்டு இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, வீட்டாரை எண்ணும் விதம். நோயாளிகள் 163 பேர்தான், வீட்டார் அதைவிட மிக அதிகம். பெரிய எண்ணைப் பார்த்ததும் ஜூனியர், "வீட்டார் ஆய்வு இன்னும் உறுதியானது" என்று எழுதியிருந்தாள். ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து பேர் ஐந்து தனித் தகவல் ஆக மாட்டார்கள். அதே காற்று, அதே நோயாளி, அதே இருமல். ஒருவருக்குத் தொற்றியிருந்தால் அடுத்தவருக்கும் தொற்றியிருக்க வாய்ப்பு கூடுதல். குலுக்கிப் பிரித்தது குடும்பத்தைத்தான், ஆட்களை இல்லை. எனவே உண்மையான பலம் குடும்பங்களின் எண்ணிக்கையை ஒட்டியது. இன்னொன்று, ஊர். காசநோய் மலிந்த நகரத்தில் குழந்தைக்குக் கிருமி அப்பாவிடமிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வரலாம், பள்ளியிலிருந்து வரலாம். அப்படி வெளியிலிருந்து வரும் தொற்று இரு பக்கத்துக்கும் பொதுவாகச் சேரும்போது, வீட்டுக்குள் இருக்கும் வித்தியாசம் மங்கிப்போகும். நோய் அரிதான ஓர் ஊரில் இதே ஆய்வை நடத்தினால் இதே முடிவு வருமா என்பதை இந்தக் கட்டுரைகளிலிருந்து சொல்ல முடியாது. மெட்ராஸைப் போன்ற ஊருக்கு இது போதும், அதற்காகத்தான் நடத்தினார்கள்.

உணவுக் கட்டுரைதான் ஐந்திலும் அதிகம் தவறாகச் சொல்லப்படுவது. ராமகிருஷ்ணன் குழு கண்டது: வீட்டு நோயாளிகள் ஆண்டு முழுதும் சானடோரியம் நோயாளிகளைவிட மிக மோசமாகச் சாப்பிட்டார்கள். மொத்த ஆற்றலில் குறைவு, புரதத்தில் குறைவு, கொழுப்பில் குறைவு. போதாததற்கு ஓய்வும் குறைவு. உடல் எடையும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது. இத்தனைக்கும் கிருமி அடங்கியதில் இரு பக்கமும் நெருக்கமாகவே இருந்தன. மருந்து சரியாகக் கொடுக்கப்பட்டால், நோய் அடங்குவதில் சாப்பாட்டுக்கு இரண்டாம் இடம்தான் என்பது கட்டுரையின் முடிவு. ஜூனியர் இதை ஒரே வரியில் எழுதியிருந்தாள்: "காசநோயில் உணவு முக்கியமில்லை."

நான் பதில் சொல்லவில்லை. 2023இல் வந்த ரேஷன்ஸ் ஆய்வைத் திறந்து காட்டினேன். ஜார்க்கண்டில், காசநோயாளிகளின் வீட்டாரில் ஒரு சாராருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. உணவு பெற்ற வீட்டாரிடம் காசநோய் வருவது மொத்தத்தில் 39 சதவீதம் குறைந்தது, கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடமும், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. "அப்போ மெட்ராஸ் கட்டுரை தப்புன்னு ஆயிடுச்சே" என்றாள்.

ஆகவில்லை. முரண்படுவது அவள் எழுதிய வரி, கட்டுரை முரண்படவில்லை. மெட்ராஸில் கேட்ட கேள்வி: நோய் வந்து, ஓராண்டு மருந்து சாப்பிடும் ஆளுக்குச் சளியில் கிருமி அடங்குவதற்கு நல்ல சாப்பாடு தேவையா? ஜார்க்கண்டில் கேட்டது: நோய் வராத வீட்டாருக்கு நோய் வராமல் தடுக்கச் சாப்பாடு உதவுமா? ஆள் வேறு, அளந்தது வேறு. கிருமி அடங்குவதை அளந்த கட்டுரையை வைத்து மரணத்தைப் பற்றியோ, எடையைப் பற்றியோ, நோய் வருவதைப் பற்றியோ பேசக் கூடாது. எடை விஷயத்தில் சானடோரியம் சாப்பாடு ஜெயித்ததை அந்தக் கட்டுரையே சொல்கிறது.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. குலுக்கிப் பிரித்தது இடத்தை, சாப்பாட்டை இல்லை. சானடோரியம் என்பதில் சாப்பாடு, ஓய்வு, நர்ஸ், கண்முன் மருந்து எல்லாம் ஒரே மூட்டையாக வருகிறது. மூட்டை முழுதும் சேர்ந்தே பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை, எனவே அதில் ஒரு பகுதியான சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்க முடியாது என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் மூட்டை வித்தியாசம் காட்டவில்லை என்பதே 16 புள்ளிவரை இடம்விடும் முடிவு என்று மேலே பார்த்தோம். முதல் கட்டுரையில் சாத்தாமல் விட்ட கதவு உணவுக் கட்டுரையிலும் அதே அளவுக்குத் திறந்தே இருக்கிறது. ஒரே ஆய்வு என்பதை ஏன் முதலிலேயே எழுத வேண்டும் என்பது இங்கே வந்தபோது அவளுக்கே புரிந்துவிட்டது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரே பக்கத்துக்குள், நன்றாகச் சாப்பிட்டவரையும் சாப்பிடாதவரையும் ஒப்பிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். அதில் குலுக்கலின் பாதுகாப்பு போய்விடும். நோய் முற்றியவருக்குப் பசியே எடுக்காது. குறைவாகச் சாப்பிட்டதால் தேறவில்லையா, தேறாததால் குறைவாகச் சாப்பிட்டாரா என்று பிரிக்க முடியாது.

சரி, மூன்றாவது சொல், 'வீட்டுச் சிகிச்சை'. ஜூனியரின் தீசிஸுக்கு இதுதான் உயிர்நாடி, குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அன்றைய மையத்தில் வீட்டில் சிகிச்சை என்றால், மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு ஆறு மாதம் கழித்து வரச்சொல்வது இல்லை. நோயாளி மையத்துக்குத் தவறாமல் வந்து மருந்து வாங்க வேண்டும். வராவிட்டால் ஆள் தேடி வரும். மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மீதி இருக்கும் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கி மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். பாஸ் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து, வயிற்றைப் புரட்டும். ஏமாற்றத் தோன்றுவது இயல்பு. அதனால்தான் சிறுநீர்ச் சோதனை.

ஆக, ஒப்பிடப்பட்டது வீடும் சானடோரியமும் என்பதைவிட, கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கப்பட்ட வீடும் சானடோரியமும் என்பதே சரி. தகுந்த சேவை அமைப்பு இருந்தால் பெரும்பாலான நோயாளிகளை வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று நிபந்தனை போட்டுத்தான் அந்தக் கட்டுரையும் சொன்னது. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. முடிவு நாடு முழுக்கப் போனது, ஆனால் அந்தக் கவனிப்பு எல்லா ஊருக்கும் போகவில்லை. ஒரு வருடம் தினமும் மாத்திரை என்பதை மனிதர்கள் எப்படியெல்லாம் தவறவிடுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட அதே மையம், அடுத்த ஆண்டுகளில் வாரம் இருமுறை நேரில் வந்து கண்முன் மருந்து எடுத்துக்கொள்ளும் முறையைச் சோதித்தது. பின்னால் டாட்ஸ் என்ற பெயரில் உலகமெல்லாம் போனதற்கு வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. நம்மில் பலரும் 'மெட்ராஸ் ஆய்வு வீட்டுச் சிகிச்சையை நிரூபித்தது' என்று சொல்லும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம்.

அன்று மாலையே அவள் குறிப்பைத் திருத்தி எழுதினாள். கட்டுரை ஒன்றுக்கு ஒரு பத்தி என்ற பழைய வரிசையை உடைத்துவிட்டு, கேள்வி ஒன்றுக்கு ஒரு பத்தியாக்கினாள். தொடக்கம் இப்படி வந்தது:

"மதிப்பிற்குரிய மேடம், தாங்கள் தந்த ஐந்து கட்டுரைகளும் 1956இல் மெட்ராஸில் தொடங்கிய மையத்தின் ஒரே ஆய்விலிருந்து வந்தவை. எனவே இவற்றை ஐந்து பார்வைகள் கொண்ட ஒரே ஆதாரமாக எடுத்துக்கொண்டுள்ளேன். தீவிரக் கண்காணிப்பில் ஐசோனியசிட்டும் பாஸும் எடுத்த ஏழை நோயாளிகளிடம், ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86, சானடோரியத்தில் 92 சதவீதம். 163 பேரே என்பதால் இந்த அளவில் சானடோரியத்துக்கு 16 புள்ளிவரை மேன்மை இருந்திருக்கும் வாய்ப்பை விலக்க முடியவில்லை. ஐந்தாண்டுத் தொடர்ச்சியில் அந்த வித்தியாசம் விரியவில்லை. ஆனால் இடையில் மேற்கொண்டு சிகிச்சை நடந்துள்ளது. அதற்காக வேலு குழுவின் 1960 கட்டுரையையும் சேர்த்துப் படித்தேன்."

வீட்டார் பற்றி நான்கு வரி, உணவு பற்றி ஐந்து வரி. உணவுப் பத்தியின் கடைசியில், "இங்கே அளந்தது கிருமி அடங்குவதை மட்டும். எடைக்கும் உணவின் தடுப்பு ஆற்றலுக்கும் இதை நீட்டவில்லை" என்று எழுதியிருந்தாள். தன் தீசிஸுக்கு இதில் எது கைகொடுக்கும், எது கொடுக்காது என்பதைத் தனியாக ஒரு பத்தி. மொத்தம் ஒன்றரைப் பக்கம். முதல் வரைவு மூன்றேகால் பக்கம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போனில் கூப்பிட்டாள். மேடம் படித்துவிட்டு ஒரே இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். 'தீவிரக் கண்காணிப்பில்' என்ற சொல்லுக்குக் கீழே. ஓரத்தில், "அப்படியும் மருந்தைத் தவறவிட்டவர்கள் இருந்திருப்பார்கள். கிருமி அடங்காதவர்களும் அவர்களும் ஒரே ஆட்களா, பார்" என்று எழுதியிருக்கிறார்.

"சிறுநீர்ச் சோதனை அட்டவணை எந்தக் கட்டுரையிலக்கா இருக்கும்?" என்று கேட்டாள். 1959லிருந்தே தொடங்கு என்றேன்.